கிராண்ட்பாஸ் படகுப் பாலமும் கண்ணாடியில் ஒட்டிய சில்லும்

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகனை அழைத்து வரக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். விடியற்காலை. திரும்பும் வழியில் பேலியகொடையில் அதிவேக நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில், பணம் வாங்கும் வரிசையில் எங்கள் வாகனமும் நின்றது. ஏறும்போது கொடுக்கப்பட்ட சீட்டைச் சாரதி நீட்டினார், சாவடியில் இருந்தவர் தொகையைச் சொன்னார், நோட்டு கைமாறியது, மீதியும் பற்றுச்சீட்டும் வந்தன, தடுப்புக் கம்பம் உயர்ந்தது.

“என்ன மாமா, இஞ்ச இன்னும் காசு எண்ணிக் குடுக்கிறியளே? நாங்கள் அங்க ஃபோர்-ஓ-செவனில நிக்கிறதே இல்லை” என்றான் மருமகன்.

அவன் சொன்னது ரொறன்ரோ மாநகரின் வடக்கே செல்லும் 407ஆம் இலக்க நெடுஞ்சாலையை. மார்க்கத்திலும் ஸ்கார்பரோவிலும் வாழும் எங்களவர்களுக்கு நன்கு அறிமுகமான பாதை அது. 1997ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோதே அதில் சாவடியும் இல்லை, தடுப்புக் கம்பமும் இல்லை. வாகனம் ஓடிக்கொண்டேயிருக்கும், கட்டணம் தானாக எழுதப்படும். எப்படி எழுதப்படுகிறது, யாருடைய ஏட்டில் எழுதப்படுகிறது என்று அவனைக் கேட்டேன். “அதுவா, கண்ணாடியில ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கு” என்பதோடு நிறுத்திக்கொண்டான். அந்தக் கேள்விக்கு நானே விடை தேடியதன் விளைவு இக்கட்டுரை.

நாங்கள் அன்று நின்ற இடத்துக்கு மிக அண்மையில், களனி கங்கையின் இரு கரைகளையும் தொடுத்து, 1822ஆம் ஆண்டு முதல் ஒரு படகுப் பாலம் இருந்தது. படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பிய பாலம். தென்கரை கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைக்கு அடுத்த ஊர். வடகரை பேலியகொடை. ஆற்றில் பாரப்படகுகள் வரும்போது நடுவிலுள்ள படகுகளை விலக்கி வழிவிடுவார்கள். அதுவரை கண்டி வீதியின் மாட்டு வண்டிகள் காத்துநிற்கும். 1895ஆம் ஆண்டு விக்டோரியா பாலம் வந்த பின்னரே இந்தப் படகுகளுக்கு ஓய்வு கிடைத்தது.

அக்காலத்து இலங்கையில் வீதி, பாலம், தோணித்துறை ஆகியவற்றின் ஆயத்தை அரசாங்கம் தானே வசூலிக்கவில்லை. ஏலத்தில் கூறி, கூடிய தொகை கேட்டவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகைக்காரர் அரசுக்குச் செலுத்த வேண்டியது முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட தொகை. அதற்கு மேல் வசூலாவது அவருடைய இலாபம். சாராயக் குத்தகையும் ஆயக் குத்தகையும் சேர்ந்து இந்நாட்டின் பெருஞ்செல்வக் குடும்பங்கள் சிலவற்றை உருவாக்கின என்பது சமூக வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதிய விடயம். தமிழுக்கு இந்த வரி புதிதன்று. உல்கு, சுங்கம், ஆயம் என்று பல பெயர்கள் அதற்குண்டு. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றதிலிருந்தே, சுங்கம் கேட்பவனை மக்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பாலத்தடியில் நின்ற அந்த ஆயக்காரன் உண்மையில் நான்கு வேலைகளைச் செய்தான். வண்டி ஒன்று வருகிறது என்று கண்டான். அது ஒற்றை மாட்டு வண்டியா, இரட்டை மாட்டு வண்டியா, பாரம் ஏற்றியதா என்று தரம் பிரித்தான். பணத்தை வாங்கினான். தராதவனை மறித்தான். நிறுத்தாமல் அறவிடுவது என்றால் இந்த நான்கையும் ஓடும் வாகனத்திலேயே செய்து முடிக்க வேண்டும். இவற்றுள் பணம் வாங்குவதுதான் மிகக் கடினமானது என்று நாம் நினைப்போம். உண்மையில், இது யாருடைய வண்டி என்று அறிவதே கடினமாக இருந்தது. அதற்கு விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது.

1959ஆம் ஆண்டில் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர், வாஷிங்டன் நகரின் போக்குவரத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் ஒரு யோசனையை வைத்தார். ஒவ்வொரு காரிலும் அதை அடையாளம் காட்டும் மின்னணுக் கருவி ஒன்றைப் பொருத்தலாம். சந்திகளில் உள்ள கருவிகள் அதைப் படிக்கலாம். மாத முடிவில் தொலைபேசிக் கட்டணம்போல் பட்டியல் அனுப்பலாம் என்றார். அன்று அது வெறுங் கற்பனையாகத் தோன்றியிருக்கும். 1996ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு மூன்றாம் நாள் அவர் காலமானார். அதற்கு முன்னரே அவருடைய யோசனை பல நாடுகளில் வீதிக்கு வந்துவிட்டது.

வீதிக்கு வந்த வழிதான் சுவையானது. ஓர் அலைபரப்பி அனுப்பும் வானொலி அலையை, எதிரே இருக்கும் பொருள் திருப்பியனுப்பும் விதத்தை மாற்றியே செய்தி சொல்ல முடியும் என்று ஹரி ஸ்ரொக்மன் என்பவர் 1948ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுரை எழுதியிருந்தார். சிறுவயதில் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அயல்வீட்டுச் சுவரில் ஆட்டியிருப்போம் அல்லவா? நம் கையில் விளக்கு இல்லை, வெளிச்சம் சூரியனுடையது. ஆனால் கண்ணாடியை அசைத்தும் நிறுத்தியும் எதிர்வீட்டு நண்பனுக்கு ஒரு சங்கேதம் அனுப்ப முடியும். அதே தத்துவந்தான். எழுபதுகளில் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் இதைக்கொண்டு மாடுகளை இலக்கமிட்டு அறியும் சில்லுகளைச் செய்து பார்த்தார்கள். அங்கிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் கருவிகளே 1989ஆம் ஆண்டு டலஸ் நகரின் கட்டண வீதியில் கார்களுக்கு வந்தன. மாட்டுக்கு அணுகிய முறை காருக்கும் பொருந்தியது. கிராண்ட்பாஸ் மாட்டு வண்டிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்று இந்தியாவில் ஓடும் கார்களின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் ‘ஃபாஸ்டாக்’ இந்த வகையைச் சேர்ந்தது. அதில் மின்கலம் கிடையாது. ஒரு கடதாசி ஒட்டியின் உள்ளே, மெல்லிய உலோகத் தகட்டாலான உணரியும் அதன் நடுவே கடுகிலும் சிறிய ஒரு சில்லும் மட்டுமே இருக்கின்றன. சாவடியின் ஒவ்வொரு தடத்துக்கும் மேலே ஒரு வாசிப்புக் கருவி பொருத்தப்பட்டு, 865 முதல் 867 மெகாஹேர்ட்ஸ் வரையான அலையைச் சாய்வாகக் கீழ்நோக்கிப் பாய்ச்சுகிறது. அந்த அலையில் ஒரு வாட்டின் இலட்சத்தில் ஒரு பங்களவு சக்தி கிடைத்தால் போதும்; சில்லு விழித்துக்கொள்ளும். விழித்ததும் தன் உணரியை அலைக்கு ‘முகம் காட்டியும் மறைத்தும்’ தனது இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும். வாகனம் போனபின் மீண்டும் உறங்கிவிடும்.

இதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கும். அலை விழும் பரப்பு ஐந்து மீற்றர் நீளம் என்று கொண்டால் அரைச் செக்கனுக்கும் குறைவான நேரமே கிடைக்கும். ஒருமுறை இலக்கத்தைச் சொல்லி முடிக்கச் சில்லுக்குச் செக்கனின் ஆயிரத்தில் சில பங்குகளே தேவை. ஆகவே பல தடவை கேட்டு உறுதிப்படுத்த முடிகிறது. நூறு கிலோமீற்றர் வேகத்திலும் ஐந்தில் ஒரு பங்கு செக்கன் எஞ்சும், அதுவும் போதும். வேகத்தால் வாசிப்புத் தவறுவது குறைவு. பெரும்பாலும் ஒட்டிய முறையால்தான் தவறுகிறது. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி அலையை மறித்துவிடும். அத்தகைய கார்களில் பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத சிறு இடம் விடப்பட்டிருக்கும், அங்கேதான் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டுவோரின் விரல்களே, நீர் நிறைந்த உடலின் பகுதியாதலால், அலையை விழுங்கிவிடும். அதைவிட, கையில் இருக்கும் சில்லு எந்த வாகனத்துக்கு வழங்கப்பட்டதோ அதில்தான் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. காரின் சில்லைக் காட்டி லொறியை ஓட்டிப்போகலாம். 2025ஆம் ஆண்டில் இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இப்படிக் கையில் வைத்திருக்கும் சில்லுகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க உத்தரவிட்டது இதனால்தான்.

இங்கே பலரும் தவறாக எண்ணும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். அந்தச் சில்லில் பணம் இல்லை. ஒரு சதமும் இல்லை. அதில் உள்ளது ஓர் இலக்கம் மட்டுமே. முற்பணம் செலுத்தியது உண்மை; ஆனால் அந்தப் பணம் இருப்பது சில்லை வழங்கிய வங்கியின் ஏட்டில்.

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஒரு கார் செங்கற்பட்டுக்கு அண்மையில் பரனூர்ச் சாவடியை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். தடத்தில் புதைத்த உணரிகள் வாகனம் வந்ததை அறிவிக்கின்றன. மேலே உள்ள கருவி சில்லின் இலக்கத்தைப் படிக்கிறது. அதே வேளையில் வேறு உணரிகள் அச்சுக்களை எண்ணி, இது காரா, பேருந்தா, பல அச்சு லொறியா என்று தாமாகத் தரம் பிரிக்கின்றன. ஒரு படமும் எடுக்கப்படுகிறது. இலக்கம் செல்லுபடியானதுதானா என்று பார்த்தவுடன் கம்பம் உயர்கிறது. கார் போய்விட்டது. பணம் இன்னும் அசையவில்லை.

அதன்பின்னரே கணக்கு வேலை ஆரம்பமாகிறது. சாவடியின் கணினி அந்தக் கடப்பை, சாவடிக்காகப் பணத்தைப் பெற்றுக்கொடுக்கும் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி அதை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பொது மையத்துக்கு அனுப்புகிறது. மையத்தில் ஒரு பெரும் பேரேடு உண்டு. இந்தச் சில்லு எந்த வாகனப் பதிவிலக்கத்துக்கு உரியது, எந்தத் தரம், எந்த வங்கி வழங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து, வழங்கிய வங்கிக்குக் கோரிக்கை போகிறது. அந்த வங்கி வாடிக்கையாளரின் கணக்கில் கழித்துக்கொண்டு, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. கார் பரனூரைத் தாண்டி வெகுதூரம் போனபின் அந்தச் செய்தி வருவது இதனால்தான். வங்கிகள் தமக்குள் பிறகு நேர்செய்துகொள்ளும்.

கம்பத்தை உயர்த்தும் முடிவும் பணத்தைக் கழிக்கும் செயலும் வெவ்வேறு நேரத்தில் நிகழ்வது பல வழக்குகளுக்குக் காரணமாயிற்று. தொடக்கத்தில், மீதியற்ற சில்லுகளின் பட்டியலை மையம் சாவடிகளுக்கு அவ்வப்போது அனுப்பிவைக்கும். சாவடி தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்தே கம்பத்தை உயர்த்தும். சாரதி சாவடிக்குச் சற்று முன்னர் நின்று கைப்பேசியில் பணம் போட்டாலும், சாவடியிடம் இருப்பது பழைய பட்டியல். “காசு போட்டேன்” என்பார் சாரதி. “கறுப்புப் பட்டியலில் இருக்கிறதே” என்பார் ஊழியர். இருவரும் சொல்வது உண்மை. 2025 பெப்ரவரியில் கொடுப்பனவுக் கழகம் ஒரு விதி கொண்டுவந்தது: வாசிப்பதற்கு 60 நிமிடங்களுக்கு மேலாகப் பட்டியலில் இருந்து, வாசித்த பின்னரும் 10 நிமிடங்கள் வரை நீங்காத சில்லின் கொடுப்பனவு மறுக்கப்படும். இதனால் குழப்பம் எழுந்தது; ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளின் சாவடிகள் சில்லின் நிலையை உடனுக்குடன் அறியும் புதிய முறைக்கு ஏற்கெனவே மாறியிருந்தன. அங்கே சாவடியை அடையும் முன் எப்போது பணம் போட்டாலும் செல்லும் என்று ஆணையம் விளக்கமளித்தது. பழைய முறையிலேயே இயங்கிய சில மாநில நெடுஞ்சாலைச் சாவடிகள்தான் எஞ்சின.

தவறான கழிவுகள் நேரும் விதத்தையும் பார்த்துவிடலாம். முன்னே நிற்கும் லொறியில் சில்லு இல்லை அல்லது பழுது. பின்னே ஒட்டிக்கொண்டு நிற்கும் காரின் சில்லைக் கருவி எட்டிப் படித்துவிடுகிறது. கம்பம் லொறிக்கு உயர்கிறது. பணம் காரிலிருந்து போகிறது. கார் முன்னே வந்ததும் மறுபடி படிக்கப்படுமா, அண்மையில் படித்த இலக்கம் என்று தள்ளப்படுமா என்பது சாவடியைப் பொறுத்தது. சாவடியில் முன்வண்டிக்கும் நமக்கும் இடையில் சற்று வெளி விட்டு நிற்பது இந்த வகையில் நல்லது.

இன்னொரு வகை மேலும் வேடிக்கையானது. சில்லு படிக்கப்படாதபோது சாவடி ஊழியர் வாகனப் பதிவிலக்கத்தைக் கையால் தட்டச்சு செய்வதுண்டு. ஓர் எழுத்து மாறினால், மையப் பேரேடு அந்த மாறிய இலக்கத்துக்குரிய சில்லைத்தான் எடுத்துக்கொடுக்கும். வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கு, முன்னூறு மைலுக்கு அப்பாலுள்ள சாவடியிலிருந்து கட்டணச் செய்தி வரும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வங்கியின் கணக்கறிக்கையில் சாவடியின் பெயரும் வாசித்த நேரமும் இருக்கும். செய்தி வந்த நேரத்தையன்றி வாசித்த நேரத்தையே பார்க்க வேண்டும். முறைப்பாட்டைச் சில்லு வழங்கிய வங்கியிடம் செய்ய வேண்டும். அப்போது சாவடியின் வங்கி, கடந்துபோன வாகனத்தின் படத்தைக் காட்டி நிரூபிக்கக் கடமைப்படும். படத்தில் வேறு வாகனம் இருந்தால் பணம் திரும்பும். கருவி பழுதென்றால் அதன் சுமை சாரதிக்குரியதன்று என்பதையும் 2018 மே மாதத்து அரசிதழ் அறிவிப்பு தெளிவாகச் சொல்கிறது. போதிய மீதியுள்ள செல்லுபடியான சில்லைக் கருவி படிக்கத் தவறினால், வாகனத்தைக் கட்டணமின்றி விட்டு, பூச்சியத் தொகைக்கான பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். இந்த அறிவிப்பை அறிந்த சாரதிகள் மிகக் குறைவு. 2021 பெப்ரவரி 16ஆம் திகதி முதல் சில்லில்லாமல் வருவோரிடம் இரட்டிப்புக் கட்டணம் வாங்கத் தொடங்கியதை மட்டும் எல்லோரும் அறிவார்கள்.

இனி, மருமகனிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாருடைய ஏட்டில் எழுதப்படுகிறது?

1983 முதல் 1985 வரை ஹொங்கொங்கில் ஒரு பரீட்சை நடந்தது. சுமார் 2,500 வாகனங்களின் அடியில் மின்னணு இலக்கத் தகடுகளைப் பொருத்தினார்கள். வீதியில் புதைத்த கம்பிச் சுருள்கள் அவற்றைப் படித்தன. விக்ரி சொன்னதுபோல் மாதாந்தப் பட்டியல் தயாரிக்கும் முறை. கருவிகள் மிகச் சிறப்பாக வேலை செய்தன என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஆயினும் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பல காரணங்கள்; அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்று, ஒருவர் எந்த நேரத்தில் எந்தச் சந்தியைக் கடந்தார் என்பது அரசாங்கத்தின் கையில் எழுத்தில் இருக்குமே என்ற அச்சம். 1984 டிசம்பரில்தான் நகரைச் சீனாவிடம் ஒப்படைக்கும் கூட்டுப் பிரகடனம் கைச்சாத்தாகியிருந்தது. அந்த ஏடு நாளை யாருடைய அலுமாரியில் இருக்கும் என்று மக்கள் யோசித்ததில் வியப்பில்லை.

சிங்கப்பூர் அந்தப் பாடத்தைக் கூர்ந்து படித்தது. 1975ஆம் ஆண்டு முதல் அங்கே நகர மையத்துள் நுழையக் கடதாசி அனுமதிச் சீட்டு இருந்தது. காவலர்கள் நின்று கண்ணால் பார்த்தார்கள். 1998 செப்டெம்பர் முதலாந் திகதி அதற்குப் பதிலாக மின்னணு முறை வந்தபோது, பணத்தை மையத்தில் வைக்காமல் வாகனத்துக்குள்ளேயே வைத்தார்கள். முன்கண்ணாடிக்கு அருகே பொருத்திய கருவியில் சாரதி ஒரு காசட்டையைச் செருகுவார். அந்த அட்டையில் பணமே இருந்தது. வீதிக்குக் குறுக்கே அடுத்தடுத்து நின்ற இரு வளைவுகளின் கீழே வாகனம் ஓடும் வேளையில் கருவியுடன் பேசி, தொகை அட்டையிலிருந்தே கழிக்கப்பட்டது. அட்டை இல்லாவிட்டாலோ மீதி போதாவிட்டாலோ மட்டுமே பின்புற இலக்கத் தகட்டைக் கமரா படமெடுத்தது. ஒழுங்காகக் கட்டியவரின் பயணத்தைப் பெயருடன் எழுதிவைக்க வேண்டிய தேவையே இல்லாதவாறு அமைந்த முறை அது. கருவிக்கு மின்சாரமும் அட்டை வாசிப்பானும் வேண்டும் என்பதால் செலவு அதிகம். இந்தியச் சில்லின் செலவு அதனுடன் ஒப்பிட அற்பம். மலிவுக்கு விலையாக, ஒவ்வொரு கடப்பும் வங்கி ஏட்டில் நேரமும் இடமும் குறித்து எழுதப்படுகிறது. சிங்கப்பூரும் 2023ஆம் ஆண்டு முதல் அந்தப் பழைய கருவிகளை அகற்றி, செய்மதி வழிகாட்டலுடன் கூடிய புதியவற்றைப் பொருத்தத் தொடங்கியது.

இதையெல்லாம் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு எழுதும்போது, ஏடு என்ற சொல் எனக்கு வெறும் கணக்குச் சொல்லாகத் தோன்றவில்லை. யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை வீடுகளில், யார் தங்கியிருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், எப்போது போவார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் பதிந்தார்கள் என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 300இற்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதில் எந்த மின்னணுவும் சம்பந்தப்படவில்லை; விடுதிப் பதிவேடும் பேனையுமே போதுமாயிருந்தன. எழுதிவைத்த நோக்கம் ஒன்று, எடுத்துப் பார்க்கும் நோக்கம் வேறொன்று ஆகக்கூடும் என்பதை எங்கள் தலைமுறை பத்திரிகையில் படித்து அறிந்ததல்ல.

இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலிக்குத் திறக்கப்பட்டது. கட்டுநாயக்கப் பாதை 2013 ஒக்டோபரில். இவை ஏறும் இடத்தில் சீட்டும் இறங்கும் இடத்தில் கட்டணமும் என்ற முறையில் அமைந்தவை. பரனூரில் ஒரு வாசிப்புப் போதும். இங்கே சில்லு வருமிடத்தில் இரண்டு வாசிப்புகள் வேண்டும், இரண்டையும் பொருத்திப் பார்த்தே தூரத்துக்குரிய தொகை கழிக்கப்படும். ஏட்டில் விழுவதும் ஒரு சாவடியின் பெயரன்று, பயணத்தின் தொடக்கமும் முடிவும். 2025 மே மாதத்தில் கொட்டாவையிலும் கடவத்தையிலும் வங்கி அட்டையால் செலுத்தும் வசதி ஆரம்பிக்கப்பட்டது. சில்லறை தேடும் தொல்லை அதனால் குறைகிறது. ஆனால் அட்டையைத் தட்டுவதற்கு நிற்கத்தான் வேண்டும். அதைச் சில்லு முறையோடு குழப்பிக்கொள்ளலாகாது.

நிற்காமல் செல்லும் முறை இங்கும் எல்லாத் தடங்களுக்கும் வருவது காலத்தின் கேள்வி. அப்போது நாம் கேட்க வேண்டியது, எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்பதை மட்டுமன்று. கடப்பு விவரம் எத்தனை நாட்கள் வைக்கப்படும்? பணம் நேர்செய்யப்பட்டு முறைப்பாட்டுக் காலமும் கடந்தபின் அழிக்கப்படுமா? நீதிமன்றக் கட்டளையின்றி எவர் கேட்டாலும் கொடுக்கப்படுமா? இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கேள்வியை எழுப்ப ஓர் இடமாவது உண்டு.

மருமகன் திரும்பிப் போகும் முன்தினம் இரவு, தன் 407 கட்டணப் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினான். ஒவ்வொரு வரியிலும் திகதி, ஏறிய இடம், ஏறிய நேரம், இறங்கிய இடம், தூரம், தொகை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு வரியில் அவன் விரல் நின்றது.

“இது எங்க போனது எண்டு எனக்கே ஞாபகமில்லை மாமா” என்றான்.